'ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்': பிளானிங் போக்கர் நடத்தப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மருந்துக்கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். விற்ற மருந்தை வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்தால் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்க ஒரு திரை வேண்டும் என்றார்கள். எங்கள் சீனியரிடம் கேட்டேன். அந்த மென்பொருளின் பாதியை எழுதியவர் அவர்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்" என்றார். நானும் அப்படியே மேலே சொல்லிவிட்டேன்.

ஆனது 11 வேலை நாள்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். சீனியர் மனதில் வைத்திருந்த திரையும் அதன் பின்னால் உள்ள புரோகிராம் கோடும் இரண்டரை நாளில் முடிந்திருந்தன. ஆக, அவர் சொன்னது கிட்டத்தட்ட சரி. ஆனால் ஒரே பில்லில் ஒரே மருந்து இரண்டு பேட்ச்சிலிருந்து போயிருந்தால் எந்த பேட்ச்சில் இருப்பைக் கூட்டுவது என்பதற்கு 2 நாள். ஜிஎஸ்டி கிரெடிட் நோட்டுக்கு 2 நாள். அன்றைய கணக்கு முடிக்கும் ரிப்போர்ட் ஒத்துப்போகாததால் ஒன்றரை நாள். டெஸ்டிங்கும் அதில் கிடைத்த பிழைகளைத் திருத்துவதும் 3 நாள். இவற்றில் பேட்ச் விஷயம் டெஸ்டருக்கு முன்பே தெரியும். கிரெடிட் நோட்டு விஷயம் இன்னொரு டெவலப்பருக்குத் தெரியும். இரண்டு பேரையும் நான் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் பிளானிங் போக்கர் பக்கம் போனோம். ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று டீமில் ஆளுக்கொரு எண் சீட்டை ஒரே நேரத்தில் காட்டி, பேசி முடிவு செய்யும் முறை அது. அப்படி எண் போடும் ஒவ்வொரு தனி வேலைக்கும் ஸ்டோரி என்று பெயர். முதல் இரண்டு மாதம் தப்புத் தப்பாக ஆடினோம். 3 மணி நேரம் உட்கார்ந்து 4 ஸ்டோரிக்கு எண் போட்ட நாள்கூட உண்டு. நீங்கள் அந்த இரண்டு மாதத்தைத் தாண்டிப் போகலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. நாள் கணக்கை மூட்டை கட்டுங்கள், ஒப்பிடத் தொடங்குங்கள்

ஒரு தேங்காய்க் குவியலைக் காட்டி "எத்தனை காய் இருக்கும்?" என்று கேட்டால் நம்மில் பலர் திணறுவோம். இரண்டு குவியலைக் காட்டி "எது பெரிசு, ஏறத்தாழ எத்தனை மடங்கு?" என்று கேட்டால் உடனே பதில் வரும், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஒப்பீட்டு அளவு என்பது இதுதான். "இந்த வேலைக்கு எத்தனை நாள்?" என்று கேட்காமல், "போன மாதம் முடித்த அந்த வேலையைவிட இது பெரிதா, சிறிதா, எவ்வளவு?" என்று கேட்கிறோம். அந்த அளவுக்குத்தான் பாயின்ட் என்று பெயர்.

நாள் கணக்கில் இன்னொரு தொல்லை உண்டு. சீனியருக்கு 2 நாளாகும் வேலை புதிதாகச் சேர்ந்தவருக்கு 5 நாளாகும். "எத்தனை நாள்?" என்று கேட்டதுமே "யார் செய்யப் போறாங்க?" என்ற சண்டை ஆரம்பித்துவிடும். ஆனால் "பில்லில் டாக்டர் பெயர் சேர்ப்பதைப் போல நாலு மடங்கு வேலை" என்பதில் இருவரும் ஒத்துப்போக முடியும். இருவருக்கும் நாள் வேறு, மடங்கு ஏறத்தாழ ஒன்றுதான்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று: "1 பாயின்ட் = 1 நாள்" என்று மனதுக்குள் ஒரு பட்டியல் வைத்துக்கொள்வது. எங்கள் டீமில் ஒருவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படி எழுதியே வைத்திருந்தார். அப்படிச் செய்தால் நீங்கள் ஆடுவது பழைய நாள் கணக்குதான், சீட்டு மட்டும் புதிது.

2. அளவுகோல் வேலைகளைத் தேர்ந்தெடுத்து எழுதி வையுங்கள்

ஒப்பிடுவதற்கு ஏதாவது வேண்டும். டீம் ஏற்கெனவே முடித்த, எல்லோருக்கும் நினைவிருக்கிற 3 அல்லது 4 வேலைகளை எடுங்கள். நாங்கள் எடுத்தவை: பில்லில் டாக்டர் பெயர் சேர்த்தது 2 பாயின்ட், குறைந்துபோன சரக்குப் பட்டியல் 3 பாயின்ட், மொத்த வியாபாரியின் எக்செல் பில்லை உள்ளே ஏற்றியது 8 பாயின்ட்.

எண்கள் தற்செயலானவைதான். 2, 3, 8-க்குப் பதில் 20, 30, 80 என்று வைத்திருந்தாலும் ஒன்றும் ஆகாது. முக்கியம் என்னவென்றால் 8 என்று போட்டது, 2 என்று போட்டதைவிட உண்மையிலேயே நாலு மடங்கு உழைப்பு வாங்கியதா என்பது. மிகச் சிறிய வேலையை 1 என்று வைக்காதீர்கள். அதைவிடச் சின்னது ஒன்று கட்டாயம் வரும், கீழே அதிகம் இடம் இருக்காது.

இந்தப் பட்டியலை ஒரு தாளில் அச்சடித்து, ஆடும் இடத்தில் கண் முன்னால் ஒட்டி வையுங்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் டீம் என்றால் திரையின் ஓரத்தில் திறந்து வையுங்கள். நாங்கள் இதைச் செய்யாத மாதங்களில் எங்கள் "5" மெல்ல மெல்ல வீங்கிக்கொண்டே போனது. ஜனவரியில் 5 என்று போட்ட மாதிரி வேலைக்கே ஏப்ரலில் 8 போட்டுக்கொண்டிருந்தோம். யாருக்கும் உறைக்கவில்லை.

3. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள், ஆகும் செலவு

சீட்டுக்கட்டில் பொதுவாக இருக்கும் எண்கள் 0, ½, 1, 2, 3, 5, 8, 13, 20, 40, 100. கூடவே ஒரு கேள்விக்குறிச் சீட்டு, ஒரு காபிக் கோப்பைச் சீட்டு. கேள்விக்குறி என்றால் "எனக்கு இந்த வேலையே புரியவில்லை". கோப்பை என்றால் "போதும், டீ குடிச்சிட்டு வரலாம்".

மேலே போகப் போக எண்களுக்கு இடையே இடைவெளி கூடுவதைக் கவனியுங்கள். 2-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். 17-க்கும் 18-க்கும் உள்ள வித்தியாசம் யாருக்கும் தெரியாது. அதனால்தான் 13-க்கு அடுத்து நேரே 20. "8-க்கும் 13-க்கும் நடுவில் 10 என்று போடலாமா?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். போட வேண்டாம். அவருக்கு இருக்கும் சந்தேகம் அந்த இடைவெளியைவிடப் பெரியது.

செலவு என்று பார்த்தால் சீட்டுக்குக் காசே தேவையில்லை. பழைய விசிட்டிங் கார்டுகளின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவில் எழுதி எங்கள் கட்டைச் செய்தோம். தூரத்தில் இருப்பவர்களுக்கு இலவச இணையதளங்கள் இருக்கின்றன. அதுவும் வேண்டாம் என்றால், வீடியோ காலில் எல்லோரும் சாட்டில் எண்ணைத் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு, "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்றதும் ஒரே நேரத்தில் அனுப்பினால் போதும். உண்மையான செலவு ஆட்களின் நேரம். 6 பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 6 மணி நேர உழைப்பு போகிறது. மேலே உள்ளவர் இதைக் கேட்பார், பதிலைத் தயாராக வைத்திருங்கள். எங்களிடம் அந்த 11 நாள் கணக்கு இருந்தது.

காகிதங்களில் முக்கியமானது வேலை எழுதிய கார்டு. ஒவ்வொரு ஸ்டோரிக்கும் யாருக்கு, என்ன, எதற்கு என்று இரண்டு வரி. அதற்குக் கீழே, எவையெல்லாம் நடந்தால் இந்த வேலை முடிந்தது என்போம் என்று 4 அல்லது 5 வரி. இது ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே டீமுக்குப் போயிருக்க வேண்டும். நாங்கள் 4 ஸ்டோரிக்கு 3 மணி நேரம் எடுத்த அன்று, எல்லோரும் கார்டை அங்கே வந்துதான் முதல்முறையாகப் படித்தோம்.

இன்னொரு தாளும் வேண்டும். "முடிந்தது" என்றால் என்ன என்பதை டீம் பொதுவாக ஒப்புக்கொண்ட பட்டியல் அது. கோடு எழுதியதோடு முடிந்ததா, டெஸ்டிங் சேர்த்தா, கடையில் நிறுவுவது வரைக்குமா? இது எழுதப்படாவிட்டால் டெவலப்பர் 3 காட்டுவார், டெஸ்டர் 8 காட்டுவார். இருவரும் வெவ்வேறு வேலைக்கு எண் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

4. யார் உட்கார வேண்டும், எவ்வளவு நேரம்

வேலையைச் செய்யப் போகிறவர்கள் மட்டும் சீட்டு காட்ட வேண்டும். டெவலப்பர்கள், டெஸ்டர், டிசைனர் இருந்தால் அவரும். என்ன வேண்டும் என்று முடிவு செய்பவர் கட்டாயம் அங்கே இருக்க வேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்ல. ஆனால் அவருக்குச் சீட்டு இல்லை. நடத்துபவர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார். சம்பள உயர்வைத் தீர்மானிக்கிற மேனேஜர் அறையில் இல்லாமலிருந்தால் நல்லது. இதை அவரிடமே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். எங்கள் மேனேஜர் ஒருமுறை பின்னால் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். அன்று 13 என்ற சீட்டு மேசைக்கு வரவே இல்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். நன்றாக எழுதிய கார்டுகள் என்றால் அந்த நேரத்தில் 8 முதல் 10 ஸ்டோரி முடியும். டீம் வேலையைப் பிரித்துச் செய்யும் இரண்டு வாரக் கெடுவுக்கு ஸ்பிரின்ட் என்று பெயர். அடுத்த ஸ்பிரின்ட் தொடங்கும் அன்றே ஆட்டத்தை வைக்காமல் இரண்டு மூன்று நாள் முன்னதாக வையுங்கள். பதில் தெரியாத கேள்விகள் எழும், கடைக்காரரிடம் போன் போட்டுக் கேட்க அவகாசம் வேண்டும்.

5. ஒரு சுற்று எப்படிப் போகும்

எங்கள் டீமில் நடந்த ஒரு சுற்றையே சொல்கிறேன். ஸ்டோரி இது: காலாவதியாகப் போகும் மருந்துகளை மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்ப, கடைக்காரருக்கு ஒரு பட்டியல் வேண்டும்.

முதலில் கார்டை வாசித்தேன். கேள்விகள் கேட்க 3 நிமிடம். இந்தக் கட்டத்தில் யாரும் எண்ணைச் சொல்லக் கூடாது. "இது சின்ன வேலைதான்" என்றுகூடச் சொல்லக் கூடாது. அதுவும் எண்தான். பிறகு ஒவ்வொருவரும் ஒரு சீட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்கள். எல்லோரும் வைத்த பிறகு ஒரே நேரத்தில் திருப்பினோம்.

சீனியர் 3. மற்ற இரண்டு டெவலப்பர்கள் 5, 5. புதிதாகச் சேர்ந்த பையன் 8. டெஸ்டர் 13.

இங்கே நடத்துபவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். மிகக் குறைந்த சீட்டு காட்டியவரையும் மிக அதிகம் காட்டியவரையும் பேசச் சொல்ல வேண்டும். நடுவில் உள்ளவர்கள் காத்திருக்கட்டும். யார் எண் சரி என்று விசாரிக்கக் கூடாது. "நீங்க பார்த்தது என்ன?" என்று மட்டும் கேட்க வேண்டும்.

டெஸ்டர் முதலில் பேசினார். "பத்து வாங்கினா ஒண்ணு ஃப்ரீ வருதே, அந்த ஃப்ரீ சரக்கு சைபர் விலையில உள்ள ஏறியிருக்கு. திருப்பி அனுப்புற பட்டியல்ல அதுக்கு என்ன விலை போடுவோம்? எனக்கு இதுக்கே பத்து டெஸ்ட் கேஸ் வருது." யாருக்கும் பதில் தெரியவில்லை.

சீனியர் தன் 3-க்குக் காரணம் சொன்னார். காலாவதித் தேதி வாரியாகச் சரக்கை எடுக்கும் கொயரி ஏற்கெனவே வேறொரு ரிப்போர்ட்டில் இருக்கிறது, அதையே பயன்படுத்தலாம். மற்ற இரண்டு டெவலப்பர்களுக்கும் அது தெரியாது. புதிதாக எழுத வேண்டும் என்று நினைத்துத்தான் 5 போட்டிருந்தார்கள்.

அப்புறம் அந்தப் புதுப் பையன். 8 நடுச் சீட்டுதான், முறைப்படி அவர் பேச வேண்டியதில்லை. ஆனால் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்துவதைப் பார்த்து, "சொல்லுப்பா" என்றேன். "அண்ணா, எங்க அப்பா மெடிக்கல் வெச்சிருக்காரு. எல்லா ஸ்டாக்கிஸ்டும் ஒரே மாதிரி எடுத்துக்க மாட்டாங்க. ஒருத்தர் மூணு மாசம் முன்னாடியே கேப்பாரு, இன்னொருத்தர் டேட் முடிஞ்ச அப்புறம்தான் வாங்குவாரு. வெட்டின ஸ்ட்ரிப்ப யாரும் வாங்க மாட்டாங்க." அதாவது ஒவ்வொரு வியாபாரிக்கும் தனி விதி வைக்கும் வசதி வேண்டும். 12 ஆண்டு அனுபவமுள்ள சீனியர், "இது எனக்குத் தெரியாதே" என்றார்.

தேவையை முடிவு செய்பவர், ஃப்ரீ சரக்கை இந்தக் கார்டிலிருந்து எடுத்துத் தனி ஸ்டோரியாக வைக்கலாம் என்றார். வியாபாரி வாரியான விதி கார்டில் சேர்ந்தது. மறுபடி சீட்டு வைத்தோம். 5, 8, 8, 8, 8. ஐந்து காட்டிய டெவலப்பரிடம், "8 என்று வைத்தால் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டேன். இல்லை என்றார். 8 என்று எழுதினோம். மொத்தம் 9 நிமிடம்.

முதல் சுற்றுச் சீட்டுகளின் சராசரி 6.8. நேரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று 7 என எழுதிவிட்டு நகரும் டீம்களைப் பார்த்திருக்கிறேன். எண் அளவில் பெரிய தப்பு வந்திருக்காது. ஆனால் பழைய கொயரியும், ஃப்ரீ சரக்கும், ஸ்டாக்கிஸ்ட் விதியும் மூன்று பேர் தலைக்குள்ளேயே தங்கியிருக்கும். ஸ்பிரின்டின் எட்டாவது நாள்தான் வெளியே வந்திருக்கும்.

மூன்று சுற்று போயும் ஒத்துவரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் கார்டு சரியாக எழுதப்படவில்லை என்று அர்த்தம், அல்லது வேலை மிகப் பெரியது. எங்களுக்கு 13-க்கு மேல் வந்தாலே பிரித்துவிடுவது வழக்கம். 5-ஆ 8-ஆ என்று மட்டும் இழுபறி என்றால் பெரியதை எடுத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போங்கள். அதற்குமேல் அதில் செலவழிக்கும் நேரம் வீண்.

6. ஒரே நேரத்தில் திருப்புவதில் மட்டும் சமரசம் வேண்டாம்

மேலே சொன்னதில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். காரணத்தை மறுபடி தேங்காயை வைத்தே பார்க்கலாம். குவியலில் 100 காய் இருக்கிறது. ஐந்து பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் எழுதுகிறார்கள்: 70, 90, 95, 125, 140. ஆளாளுக்குச் சராசரியாக 22 காய் தப்பு. ஆனால் ஐந்தையும் கூட்டி வகுத்தால் 104. நாலு காய்தான் தப்பு. குறைத்துச் சொன்னவர் தவறும் கூட்டிச் சொன்னவர் தவறும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. 95 என்றவர் ஏறத்தாழ அதே அளவு நெருங்கிவிட்டார், உண்மைதான். ஆனால் ஐவரில் அவர்தான் நெருங்குவார் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்?

இப்போது முதல் ஆள் எல்லோர் காதிலும் விழும்படி "70" என்கிறார். அவர்தான் அந்த ஊரில் பெரிய தேங்காய் வியாபாரி. மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? 75, 80, 80, 90. சராசரி 79. தப்பு 21. ஐந்து பேர் இருந்தும் கிட்டத்தட்ட ஓர் ஆளின் தவறுதான் கிடைத்தது.

முதலில் கேட்ட எண் நம்மை இழுத்துப் பிடிப்பதை உளவியலாளர்கள் டிவெர்ஸ்கியும் கானமனும் 1974-ல் எழுதிக் காட்டினார்கள். ஒரு சக்கரத்தைச் சுற்றி விட்டு, ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10-ல் நின்றதைப் பார்த்தவர்களின் நடுப் பதில் 25. 65-ல் நின்றதைப் பார்த்தவர்களின் நடுப் பதில் 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படியிருக்க, நம் சீனியர் சொல்லும் எண் எவ்வளவு இழுக்கும்!

ஆனால் தேங்காய் உவமை ஓர் இடத்தில் நொண்டும். அதையும் சொல்லிவிட வேண்டும். தேங்காயை எண்ணும்போது தவறு இரண்டு பக்கமும் விழும். மென்பொருளில் பெரும்பாலும் ஒரே பக்கம் விழும், ஏனென்றால் நாம் மறக்கும் வேலைகள் எல்லாமே எண்ணைக் குறைக்கத்தான் செய்யும். எல்லோரும் ஒரே பக்கம் தவறினால் சராசரி எடுப்பதில் பலன் குறைவு. அதனால்தான் சீட்டைத் திருப்பியதோடு நிறுத்தாமல் பேசவும் வேண்டியிருக்கிறது. பேச்சில் ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்து வைக்கிறார். நார்வே ஆய்வாளர்கள் மூவர் 2008-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. ஒரே வேலைகளுக்கு, பிளானிங் போக்கரில் பேசி எட்டிய எண்கள், தனித்தனியாக வாங்கிக் கணக்குப் போட்டுச் சேர்த்த எண்களைப் போல 'சீக்கிரம் முடிந்துவிடும்' என்ற நம்பிக்கையில் அவ்வளவு குறைத்துப் போட்டவையாக இல்லை, உண்மைக்கும் அவற்றைவிட நெருக்கமாக இருந்தன.

நீங்கள் நடத்தும்போது சிலர் அடுத்தவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டை மாற்றுவார்கள். திருப்பும்போது அரை நொடி தாமதிப்பவரைக் கவனியுங்கள். எங்களிடம் இருவர் அப்படி. சீட்டைக் கவிழ்த்த பிறகு கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி போட்டோம், சரியாகிவிட்டது. இன்னொரு அடையாளமும் உண்டு. தொடர்ந்து ஐந்தாறு ஸ்டோரிக்கு எல்லாச் சீட்டும் ஒரே எண்ணாக வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். சீனியர் கேள்வி நேரத்திலேயே ஏதோ கோடி காட்டிவிட்டார் என்று சந்தேகப்படுங்கள்.

7. பாயின்டிலிருந்து தேதிக்கு வருவது

கடைக்காரருக்குப் பாயின்ட் வேண்டாம், தேதிதான் வேண்டும். அதற்கு ஒரே வழி, டீம் ஒரு ஸ்பிரின்டில் எத்தனை பாயின்ட் முழுதாக முடிக்கிறது என்று பார்ப்பது. பாதி முடிந்ததைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

எங்கள் 6 ஸ்பிரின்டுகளின் கணக்கு இது: 21, 26, 18, 24, 19, 24. சராசரி 22. மீதி வேலை 120 பாயின்ட். 120-ஐ 22-ஆல் வகுத்து ஐந்தரை ஸ்பிரின்ட் என்று சொன்னால் மறுபடியும் அந்த "ரெண்டு நாள்" கதைதான். நாங்கள் இரண்டு முனையையும் எடுத்தோம். நன்றாக ஓடினால் 26 வீதம் 5 ஸ்பிரின்ட், மந்தமாக ஓடினால் 18 வீதம் 7 ஸ்பிரின்ட். ஸ்பிரின்டுக்கு இரண்டு வாரம், ஆக 10 முதல் 14 வாரம் என்று சொன்னோம். "ஒரே தேதி சொல்லுங்க" என்று கட்டாயம் கேட்பார்கள். அப்போது 14-ஐச் சொல்லுங்கள். புது டீம் என்றால் குறைந்தது 3 ஸ்பிரின்ட் ஓடும்வரை எந்தத் தேதியும் சொல்லாமல் தள்ளிப்போடப் பாருங்கள். கையில் கணக்கே இல்லாதபோது வரும் தேதி ஊகம்தான்.

வேலை முடிந்த பிறகு "இது 8 அல்ல, 13-ஆக இருந்தது" என்று பழைய எண்ணைத் திருத்தாதீர்கள். முடிந்ததை வைத்துத் திருத்திய எண்ணும், முடியாததை ஊகித்த எண்ணும் ஒரே கணக்கில் கலந்துவிடும். கணக்கு அப்புறம் எதற்கும் உதவாது. எங்காவது பெரிய வித்தியாசம் வந்தால் அடுத்த முறை பேசும்போது உதாரணமாக எடுத்துச் சொல்லுங்கள், போதும்.

பக்கத்து டீம் ஸ்பிரின்டுக்கு 40 முடிக்கிறதாம், நீங்கள் ஏன் 22 என்று ஒருவர் கேட்பார். அவர்கள் 2 என்று வைத்திருக்கும் அளவுகோல் வேறு, உங்கள் 2 வேறு. இதற்குப் பயந்து எண்ணை ஏற்ற ஆரம்பித்தால் இரண்டே மாதத்தில் நீங்களும் 40 காட்டலாம். வேலை அதே வேகத்தில்தான் நடக்கும்.

8. சீட்டை எடுக்கவே கூடாத நேரங்கள்

டீமில் ஒருவருக்கும் அந்த வேலையின் வாடையே தெரியாது என்றால் ஐந்து பேரின் ஊகத்தைச் சேர்த்தாலும் ஊகம்தான். எடை மெஷினை பில்லிங்கோடு இணைக்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டார்கள். முதல் சுற்றில் இரண்டு கேள்விக்குறி, ஒரு 5, ஒரு 20, ஒரு 40. பேசியும் இறங்கவில்லை, பேச யாரிடமும் தகவல் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் எண் போடாதீர்கள். ஒருவரை ஒரு நாள் மட்டும் ஒதுக்கி, மெஷினை மேசையில் வைத்து, கேபிளைச் சொருகி, அது என்ன அனுப்புகிறது என்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். எங்கள் டெவலப்பர் மதியமே வந்துவிட்டார். மெஷின் எடையைச் சாதாரண எழுத்தாக வரி வரியாக அனுப்புகிறது, படிப்பது சுலபம், ஆனால் தட்டு அசைந்துகொண்டிருக்கும்போதும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது, நிலையான எடை எது என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். மறுநாள் சீட்டு வைத்தோம். நான்கு 5, ஒரு 8.

உண்மையிலேயே ஒருவர் மட்டுமே தொட முடிகிற வேலையும் உண்டு. பழைய டேட்டாபேஸை மாற்றுவது எங்களுக்கு அப்படி. மற்ற நால்வரும் ஏதோ ஒரு சீட்டை வைப்பார்கள், ஆனால் வைத்தது சீனியர் முகத்தைப் பார்த்துத்தான். அங்கே போக்கர் ஆடுவது நாடகம். அதற்குப் பதில் சீனியரை வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக எழுதச் சொல்லி, மற்றவர்கள் ஒவ்வொரு படிக்கும் "இதுல என்ன உடையலாம்?" என்று கேட்டோம். முதல் நாள் எழுதியதில் 6 படி இருந்தது. கேள்விகள் முடிந்தபோது 11 ஆகியிருந்தது. பழையதற்குத் திரும்பிப் போக வேண்டிவந்தால் என்ன செய்வது என்ற படியே அதில் இல்லாமலிருந்ததைக் கண்டுபிடித்தது, அதே மெடிக்கல் வீட்டுப் பையன்தான்.